இரவு வானம் நோக்குவோர் சங்கம்: முதல் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு

நாள்: 28 செப்டம்பர் 2025, ஞாயிறு
இடம்: நூலக மாடி அறை
வந்தவர்கள்: 37 பேர் (வருகைப் பதிவேடு தனியே இணைக்கப்பட்டுள்ளது)

கூட்டம் காலை 10 மணிக்கு என்று அழைப்பில் இருந்தது, தொடங்கியது 10.25க்கு. அறைச் சாவி வரத் தாமதமானதே காரணம்.

அழைப்பை அனுப்பிய மூவரில் ஒருவரான இரா. தமிழ்வாணன் வரவேற்றுப் பேசினார். செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் பார்க்கக் கூடியபோது ஒரே ஒரு தொலைநோக்கி முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றதையும், இதற்கு ஒரு சங்கம் இருந்தால் என்ன என்று அந்த வரிசையிலேயே பேச்சு வந்ததையும் நினைவுபடுத்தினார். கூட்டத்தை நடத்தித் தர சு. மங்கையர்க்கரசியைத் தற்காலிகத் தலைவராக அவர் முன்மொழிய, அ. ஹமீது வழிமொழிந்தார். மறுப்பு இல்லை. குறிப்பெழுத என்னைத் தற்காலிகச் செயலாளராகத் தேர்ந்தார்கள். நாங்கள் இருவரும் எந்தப் பொறுப்புக்கும் போட்டியிடப் போவதில்லை என்பதை அப்போதே சொல்லிவிட்டோம்.

சங்கம் அமைக்கும் தீர்மானம்

"இரவு வானத்தைச் சேர்ந்து நோக்கவும், கருவிகளைப் பகிரவும், புதியவர்களுக்குக் கற்றுத் தரவும் ஒரு சங்கம் அமைக்கப்படுகிறது" என்ற தீர்மானத்தை ஜெ. ரோஸ்லின் முன்மொழிந்தார், ந. பாலமுருகன் வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. பெயர் குறித்து மட்டும் கால் மணி நேரம் போனது. 'வானியல் கழகம்' என்று வைத்தால் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்து மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்றார் கி. வேதவல்லி. அதன்பின் இப்போதைய பெயரே நின்றது.

துணை விதிகள்

வரைவு செப்டம்பர் 14 அன்றே எல்லோருக்கும் அனுப்பப்பட்டிருந்தது. ஆனாலும் விதி விதியாக வாசித்து, திருத்தம் கேட்டு, அப்புறம் மொத்தமாக வாக்கெடுப்பு என்று முடிவானது. பெயர், நோக்கம், உறுப்பினர் தகுதி, பொறுப்பாளர் பட்டியல் (தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழுவினர் மூவர்) ஆகியவை மாற்றமின்றி ஏற்கப்பட்டன. பேச்சு வளர்ந்த விதிகள் மட்டும் கீழே.

சந்தா: வரைவில் தொகை குறிக்கப்பட்டிருந்தது. அதை விதியில் எழுதினால் ஒவ்வொரு முறை மாற்றவும் விதித் திருத்தம் வேண்டும் என்று ஹமீது சுட்டிக்காட்டினார். தொகை நீக்கப்பட்டு, "ஆண்டுப் பொதுக்குழு தீர்மானிக்கும்" என்று மாற்றப்பட்டது.

குறைவெண்: கூட்டம் செல்லுபடியாக உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது வந்திருக்க வேண்டும் என்று வரைவு சொன்னது. பின்னம் வந்தால் என்ன செய்வது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டபோது முதலில் சிரித்தோம். 34 பேர் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு 11.33, பதினொன்றா பன்னிரண்டா என்று பிறகு யாராவது சண்டை பிடிக்கத்தான் செய்வார்கள். "பின்னம் வந்தால் அடுத்த முழு எண்" என்று சேர்க்கப்பட்டது.

கையெழுத்து: வங்கிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் கையெழுத்து வேண்டும். "ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் இம்மூன்று பொறுப்புகளில் ஒரே காலத்தில் இருக்கக் கூடாது" என்ற திருத்தத்தைப் பாலமுருகன் கொண்டுவந்தார். விவாதமின்றி ஏற்கப்பட்டது.

சூரியனை நோக்குதல்: சூரிய வடிகட்டி குழாயின் முகப்பில் இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், கண்வில்லையில் திருகும் வகை எக்காரணத்தாலும் கூடாது, தேடு தொலைநோக்கி மூடப்பட்டிருக்க வேண்டும். கண்வில்லை வடிகட்டியைத் தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவதாக ஒருவர் ஆட்சேபித்தார். குவிந்து வரும் வெப்பத்தில் அந்தக் கண்ணாடி விரிசல் விட்டால் கண்ணை எடுக்க அவகாசமே இருக்காது என்று ரோஸ்லின் பதில் சொன்னார். விதி அப்படியே நின்றது. ஆட்சேபித்தவர் கேட்டுக்கொண்டபடி அவரது மாற்றுக் கருத்து இங்கே பதிவாகிறது.

பதவிக்காலம் இரண்டு ஆண்டு. ஒரே பொறுப்பில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது. விதிகளைத் திருத்த 21 நாள் முன்னறிவிப்பும் வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் வேண்டும். சங்கம் கலைக்கப்பட்டால் மிஞ்சும் சொத்து உறுப்பினர்களுக்குப் பிரிக்கப்படாமல், இதே நோக்கமுள்ள வேறொரு சங்கத்துக்குப் போகும்.

திருத்தங்களோடு விதிகள் மொத்தமாக வாக்குக்கு விடப்பட்டன. ஆதரவு 33, எதிர்ப்பு 2, நடுநிலை 2. பகல் 12.05 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்ததாகத் தற்காலிகத் தலைவர் அறிவித்தார்.

உறுப்பினர் சேர்க்கை

விதிகள் இருந்தால்தான் உறுப்பினர், உறுப்பினர் இருந்தால்தான் தேர்தல். எனவே 20 நிமிட இடைவேளையில் பதிவேடு திறக்கப்பட்டது. 34 பேர் கையெழுத்திட்டனர். யோசித்துச் சொல்வதாக மற்ற மூவரும் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். வாக்கு எண்ண ஆள் தேவைப்பட்டபோது அவர்களே பொருத்தமாகவும் அமைந்தார்கள்.

பொறுப்பாளர் தேர்தல்

தலைவர் பொறுப்புக்கு வேதவல்லி, பாலமுருகன் இருவர் பெயரும் முன்மொழியப்பட்டன. பாலமுருகன் எழுந்து, பொருளாளராக நிற்கத் தன் மனைவி ப. சிவகாமி ஏற்கெனவே சம்மதித்திருப்பதாகவும், தான் கொண்டுவந்த திருத்தம் தன் தலையிலேயே விழுந்துவிட்டதாகவும் சொல்லி விலகிக்கொண்டார். (அறையில் இந்த நாளின் பெரிய சிரிப்பு அதுதான்.) வேதவல்லி போட்டியின்றித் தேர்வானார்.

செயலாளருக்குத் தமிழ்வாணனும் ரோஸ்லினும் நின்றார்கள். வாக்குச்சீட்டு வழங்கப்பட்டு இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. ரோஸ்லின் 17, தமிழ்வாணன் 16. ஒரு சீட்டில் இரண்டு பெயரும் எழுதப்பட்டிருந்ததால் அது செல்லாது என்று வைக்கப்பட்டது. 34 பேரில் 17 என்பது சரிபாதிதானே, பெரும்பான்மை எப்படி என்று ஒரு கேள்வி எழுந்தது. "செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல்" என்ற விதியைத் தற்காலிகத் தலைவர் வாசித்துக் காட்டினார்: செல்லுபடியானவை 33, அதில் 17 பெரும்பான்மையே. மறு எண்ணிக்கை வேண்டுமா என்று தமிழ்வாணனிடம் கேட்கப்பட்டது. வேண்டாம் என்றவர், கிரகணத்தன்று வைத்திருந்த பெயர்ப் பட்டியலை அங்கேயே ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டார்.

பொருளாளராகச் சிவகாமி போட்டியின்றித் தேர்வானார். செயற்குழுவுக்குத் தமிழ்வாணன், ஹமீது, பாலமுருகன் ஆகியோர் தேர்வாயினர். கையெழுத்துப் பொறுப்பு இல்லாததால் பாலமுருகன் பெயருக்குத் தடை எழவில்லை. கணக்குத் தணிக்கையாளர் பொறுப்பாளராக இருக்கக் கூடாது என்பதால் மங்கையர்க்கரசியைக் கேட்டார்கள், ஒப்புக்கொண்டார்.

வேதவல்லி தலைமை இருக்கையை ஏற்ற பின் மூன்று தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. சங்கத்தைப் பதிவு செய்யச் செயலாளருக்கும், வங்கிக் கணக்கு தொடங்கப் பொருளாளருக்கும் அதிகாரம் வழங்கப்பட்டது. ஹமீது கொடையாகத் தரும் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி நன்றியுடன் ஏற்கப்பட்டது. அதன் ஆடியின் ஓரத்தில் நகக்கண் அளவு பூச்சு உரிந்திருப்பதைக் கொடுத்தவரே காட்டினார். பிறகு யார் மேலும் பழி வராமல் இருக்க அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

செயற்குழு அக்டோபர் 5 ஞாயிறு காலை கூடும். முதல் வான்நோக்கு இரவு அக்டோபர் 18 சனி. அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு என்பதால் நிலவொளி தொந்தரவு இராது. மேகம் மூடினால் மறுநாள்.

கூட்டம் 1.20க்கு நிறைவுற்றது. சாவி ரோஸ்லினிடம் உள்ளது.

(ஒப்பம்) சு. மங்கையர்க்கரசி, தற்காலிகத் தலைவர்
(ஒப்பம்) வே. குமரேசன், தற்காலிகச் செயலாளர்