மூன்றாம் நாள், மஞ்சளாய் நாலு சொட்டு

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு நேற்றுப் போயிருந்தேன் (அந்தத் தாயிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்). பிள்ளை பிறந்து மூன்று நாள், 'பாலே ஊறவில்லை' என்று ஒரே அழுகை, மேசையில் பால்மாவு டின் தயார். மார்பை மெல்ல அழுத்திப் பார்த்தால் மஞ்சளாய், தேன் மாதிரி நாலு சொட்டு. அட, அதுதானம்மா சீம்பால்! முதல் நாட்களில் பிள்ளை வயிற்றுக்கு அந்தக் கொஞ்சமே போதும். பால் நிறையச் சுரப்பது பெரும்பாலும் 2 முதல் 5 நாளுக்குள்.

அடிக்கடி கேட்டு அழுதால் பால் பற்றவில்லை என்று அர்த்தமில்லை. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது சாதாரணம். பேம்பர்ஸைப் பாருங்கள்: 5ஆம் நாளுக்குப் பிறகு தினம் 6 தடவையாவது நன்றாக நனைய வேண்டும். அது குறைந்தால், எழுப்பியும் குடிக்காமல் தூங்கினால், கண் மஞ்சளானால், அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

அப்புறம் பத்தியம். பாட்டி வைக்கும் பூண்டுக் குழம்பைச் சாப்பிடுங்கள், ஆனால் 'தண்ணீர் குடிக்காதே' என்பதை மட்டும் கேட்காதீர்கள், இந்த வெயிலில் தாகத்தை அடக்கி என்ன செய்ய? பிள்ளைக்குத்தான் 6 மாதம் வரை தண்ணீர் வேண்டாம். மார்பு சிறியது என்பதெல்லாம் பால் குறைய ஒரு காரணமே இல்லை. காம்பு புண்ணாகி வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், பிள்ளை வாய் வைக்கும் விதத்தைச் சரிசெய்தாலே பெரும்பாலும் குறையும், வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.