சிறுவர் நீச்சல் பயிற்சி விண்ணப்பம்: காகிதப் படிவத்திலிருந்து திரைப் பட்டியலுக்கு

இரண்டு பக்கக் காகிதப் படிவத்தின் 18 கேள்விகளையும் திரையில் நிரப்பும் பட்டியலாக மாற்றிய வரைவு இது. படிவத்தை உருவாக்குபவரும் கவுன்டரில் விண்ணப்பம் வாங்குபவரும் சேர்ந்து படிக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன், போன பருவத்தில் வந்த 40 படிவங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். 'உடல்நலக் குறைபாடு ஏதும் உண்டா? இருப்பின் விவரம்' என்ற வரி 11 படிவங்களில் காலி. அந்த 11-இல் 7-இல் ஓரத்தில் பென்சிலால் 'கேட்டாச்சு, ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது. ஒன்றில் 'வீசிங் உண்டு, பம்ப் கொண்டுவரச் சொல்லியிருக்கு'. மீதி 3-இல் ஒரு குறிப்பும் இல்லை. கவுன்டரில் இருந்தவர் வாய்விட்டுக் கேட்டதால்தான் அந்த வீசிங் நமக்குத் தெரிந்தது. திரையில் நிரப்பும்போது எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் அச்சிட்ட கேள்விகளோடு, ஓரத்தில் பென்சிலால் எழுதியவற்றையும் கேள்விகளாக்கிச் சேர்த்திருக்கிறேன்.

குறிகள்

கட்டாயம்: பதில் இல்லாமல் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது.
தேவைப்பட்டால்: முந்தைய பதிலைப் பொறுத்துத் திறக்கும். திறந்தால் கட்டாயம்.
விருப்பம்: காலியாக விடலாம்.

இந்தச் சொற்கள் கேள்விக்குப் பக்கத்திலேயே எழுத்தாக இருக்க வேண்டும். சிவப்பு நட்சத்திரம் மட்டும் போதாது. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு அந்தச் சிவப்பு தெரியாது, அதன் பொருள் தெரியாதவரும் உண்டு.

அ. குழந்தை

☐ குழந்தையின் முழுப்பெயர் – கட்டாயம் – ஒரே எழுத்துப் பெட்டி
காகிதத்தில் 'பெரிய எழுத்தில்' என்று இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, அதை எடுத்துவிடலாம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டாம். இனிஷியல் வைப்பவர் எந்தப் பெட்டியில் எதைப் போடுவது என்று தடுமாறுவார். புள்ளி, இடைவெளி, எந்த மொழி எழுத்து வந்தாலும் ஏற்க வேண்டும்.

☐ பிறந்த தேதி – கட்டாயம் – நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டி
மாதத்தைப் பெயராகத் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். 03/04 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது. சேமிக்கும்போது `YYYY-MM-DD` வடிவம்.

வயதுக் கேள்வி (கே. 4) வேண்டாம். பிறந்த தேதியிலிருந்து பயிற்சி தொடங்கும் நாளுக்கான வயதைக் கணக்கிட்டு, 'பயிற்சி தொடங்கும்போது வயது: 8' என்று கீழே காட்டினால் போதும். அப்போதே பெற்றோர் தேதித் தவறைப் பிடித்துவிடுவார்கள். 6 முதல் 14 வயதுக்கு வெளியே போனால் அனுப்பும்வரை காக்க வைக்காமல் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

☐ உடை மாற்றும் அறை – கட்டாயம் – ஆண்கள் / பெண்கள் / தனி அறை
காகிதத்தில் 'ஆண்/பெண்' என்று இருந்த கேள்வி இது. கேட்டது அறை ஒதுக்கத்தான், அதனால் அதையே நேரே கேட்கிறோம்.

☐ புகைப்படம் – விருப்பம் – கோப்பு, `accept="image/*"`
முதல் நாள் வரும்போது நாமே எடுத்துக்கொள்ளலாம். படம் கிடைக்கவில்லை என்று ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டுப் போகக்கூடாது.

ஆ. பெற்றோர் அல்லது காப்பாளர்

கே. 2 'தந்தை / கணவர் பெயர்' என்று இருக்கிறது. பெரியவர்களுக்கான பழைய படிவத்திலிருந்து அப்படியே வந்துவிட்டது போல. எட்டு வயதுக் குழந்தையின் விண்ணப்பத்தில் கணவர் பெயர் எதற்கு?

☐ விண்ணப்பிப்பவர் பெயர் – கட்டாயம் – எழுத்துப் பெட்டி
☐ குழந்தைக்கு என்ன உறவு – கட்டாயம் – அம்மா / அப்பா / தாத்தா, பாட்டி / சட்டப்படி காப்பாளர் / வேறு
☐ வேறு என்றால் உறவு – தேவைப்பட்டால் – எழுத்துப் பெட்டி
☐ கைபேசி எண் – கட்டாயம் – `type="tel"`
`type="number"` போடவே கூடாது. முன்னால் உள்ள பூஜ்யம் எண்ணாகச் சேமிக்கும்போது போய்விடும், பக்கத்தில் வரும் அம்புக்குறியில் கை பட்டால் எண்ணே மாறிவிடும். இடைவெளி, கோடு, + குறி எல்லாவற்றையும் எழுத விட்டு, அப்புறம் நாம் சுத்தம் செய்துகொள்ளலாம்.
☐ மின்னஞ்சல் – விருப்பம் – `type="email"`
☐ முகவரி – கட்டாயம் – பல வரிப் பெட்டி

வீட்டுத் தொலைபேசி, அலுவலகத் தொலைபேசி இரண்டும் நீக்கம். 40 படிவத்தில் இரண்டையும் நிரப்பியவர் ஒருவர்தான். பெற்றோர் தொழிலும் (கே. 9) நீக்கம், அந்த விவரத்தை வைத்து நாம் எதையும் முடிவு செய்வதில்லை.

இ. பயிற்சி

☐ நீச்சல் நிலை – கட்டாயம் – ஒன்றைத் தேர்வு செய்க
 • தண்ணீருக்குப் பழக்கமில்லை
 • தண்ணீரில் நிற்பான்/நிற்பாள், மிதக்கத் தெரியாது
 • மிதக்கத் தெரியும்
 • பிடிமானம் இல்லாமல் 25 மீட்டர் நீந்தத் தெரியும்

காகிதத்தில் 'நீச்சல் தெரியுமா? ஆம்/இல்லை' என்று மட்டும் இருந்தது. 'ஆம்' போட்ட பிள்ளைகளில் சிலர் மிதவையைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்க மட்டுமே கற்றவர்கள். ஆழமான பக்கத்துக்கு யார் போகலாம் என்பதை இந்தப் பதிலை வைத்துத்தான் பயிற்சியாளர் முதலில் பிரிக்கிறார்.

☐ விரும்பும் நேரம் – கட்டாயம் – காலை 6.30 / காலை 7.30 / மாலை 5.00
☐ அது நிரம்பிவிட்டால் இரண்டாவது விருப்பம் – விருப்பம் – அதே பட்டியல்

ஈ. உடல்நலம்

இந்தப் பகுதிக்காகத்தான் மாற்றமே. காலிப் பெட்டிக்கு இரண்டு பொருள் உண்டு: ஒன்றுமில்லை, அல்லது கேள்வியைப் பார்க்கவே இல்லை. அந்த இரண்டும் நம் பதிவேட்டில் ஒன்றாகத் தெரியவே கூடாது. 'எதுவும் இல்லை' என்பதையும் பெற்றோரே தொட்டுத் தேர்வு செய்யட்டும். முன்கூட்டியே எதையும் தேர்வு செய்து வைக்காதீர்கள்.

```html
<fieldset>
  <legend>உடல்நலப் பிரச்சினை (கட்டாயம்)</legend>
  <label><input type="radio" name="health"
    value="none" required> எதுவும் இல்லை</label>
  <label><input type="radio" name="health"
    value="yes" required> உண்டு</label>
</fieldset>
```

☐ பொருந்துவனவற்றைக் குறிக்கவும் – தேவைப்பட்டால் – பல தேர்வு
 • ஆஸ்துமா, வீசிங்
 • வலிப்பு
 • இதயக் கோளாறு
 • காது: செவிப்பறை ஓட்டை, டியூப், அடிக்கடி சீழ்
 • தோல் நோய், ஆறாத புண்
 • ஒவ்வாமை
 • வேறு

உருவாக்குபவர் கவனத்துக்கு: டிக் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் `required` போட்டால் எல்லாவற்றையும் குறித்தால்தான் விடும். 'குறைந்தது ஒன்று' என்பதற்குத் தனியாகச் சரிபார்ப்பு எழுத வேண்டும்.

☐ ஆஸ்துமா என்றால்: இன்ஹேலரைக் கரையோரம் கொடுத்து வைப்பீர்களா? – தேவைப்பட்டால் – ஆம் / இன்ஹேலர் பயன்படுத்துவதில்லை
☐ வலிப்பு என்றால்: கடைசியாக வந்தது எப்போது, எப்படி இருந்தது? – தேவைப்பட்டால் – பல வரிப் பெட்டி
தண்ணீரில் வரும் வலிப்பு சத்தமில்லாமல் மூழ்கடித்துவிடும். அந்தக் குழந்தைமேல் மட்டும் கண் வைக்க ஒருவர் இருக்க வேண்டும். இந்தப் பதில் வந்ததும் பயிற்சியாளருக்குச் செய்தி போக வேண்டும், பட்டியலில் கிடந்து தூங்கக்கூடாது.
☐ ஒவ்வாமை என்றால்: எதற்கு, என்ன ஆகும்? – தேவைப்பட்டால் – எழுத்துப் பெட்டி
☐ வேறு என்றால் விவரம் – தேவைப்பட்டால் – எழுத்துப் பெட்டி
☐ தினமும் எடுக்கும் மருந்து – கட்டாயம் – இல்லை / உண்டு. உண்டு என்றால் மருந்தின் பெயர் பெட்டி திறக்கும்
☐ மருத்துவர் சான்று – வலிப்பு, இதயக் கோளாறு, செவிப்பறை ஓட்டை குறித்தால் மட்டும் – தேவைப்பட்டால் – கோப்பு, அல்லது 'முதல் நாள் நேரில் தருகிறேன்' என்ற டிக்

உ. அவசரத்துக்கும் அழைத்துப் போகவும்

☐ அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் பெயர், உறவு, எண் – மூன்றும் கட்டாயம்
இந்த எண் 'ஆ' பகுதியில் கொடுத்த எண்ணாக இருக்கக்கூடாது. பழைய படிவங்களில் பாதிக்குமேல் அதே எண்ணைத்தான் மறுபடி எழுதியிருந்தார்கள். அப்பா போன் எடுக்காதபோது அப்பாவையே மறுபடி அழைத்து என்ன பயன்?
☐ குழந்தையை அழைத்துப் போகும் இன்னொருவர் பெயர் – விருப்பம்
☐ அவருடைய எண் – பெயர் கொடுத்தால் – தேவைப்பட்டால்

ஊ. ஒப்புதல்

காகிதத்தில் மூன்று விஷயங்களை ஒரே பத்தியில் நெருக்கி, கீழே ஒரு கையொப்பம் வாங்கியிருக்கிறோம். பிரித்துவிட்டேன்.

☐ விதிமுறைகளைப் படித்தேன், ஏற்கிறேன் – கட்டாயம் – டிக்
☐ என்னைத் தொடர்புகொள்ள முடியாத அவசரத்தில் குழந்தைக்கு மருத்துவ உதவி பெறச் சம்மதிக்கிறேன் – கட்டாயம் – டிக்
☐ பயிற்சிப் படங்களில் என் குழந்தை இருக்கலாமா? – கட்டாயம் – இருக்கலாம் / வேண்டாம்
மூன்றாவதில் பதில் சொல்வதுதான் கட்டாயம், சம்மதம் அல்ல. 'வேண்டாம்' என்றால் சேர்க்கையில் எந்தப் பாதிப்பும் இல்லை என்று கேள்விக்குக் கீழேயே எழுத வேண்டும்.
☐ கையொப்பத்துக்குப் பதிலாக முழுப்பெயர் – கட்டாயம் – எழுத்துப் பெட்டி. தேதி தானாகப் பதியும். 'இடம்' நீக்கம்.

பிழைச் செய்திகள்

'தவறான உள்ளீடு' என்று எங்கும் வரக்கூடாது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வாக்கியம், அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே:

'பிறந்த மாதத்தைத் தேர்வு செய்யுங்கள்.'
'இது உங்கள் எண்ணேதான். அவசரத்துக்கு வேறொருவர் எண்ணைக் கொடுங்கள்.'
'உடல்நலப் பிரச்சினை எதுவும் இல்லை என்றால் "எதுவும் இல்லை" என்பதைத் தொடுங்கள்.'

பிழை வந்தால் ஏற்கெனவே நிரப்பியது எதுவும் அழியக்கூடாது. மருத்துவர் சான்றைத் தேடப் போய்விட்டு மறுநாள் வந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும்.

எ. அலுவலக உபயோகத்துக்கு (பெற்றோருக்குத் தெரியாது)

☐ பிறப்புச் சான்றின் அசலைப் பார்த்தாயிற்று – கட்டாயம் – டிக், பார்த்தவர் பெயர்
இணைப்புகளில் (கே. 17) இருந்த பிறப்புச் சான்று நகல் இனி வேண்டாம், முதல் நாள் அசலைக் காட்டினால் போதும்.
☐ உடல்நலப் பதிலைப் பயிற்சியாளர் படித்தார் – 'உண்டு' என்றால் கட்டாயம் – டிக், தேதி
☐ மருத்துவர் சான்று கைக்கு வந்தது – 'நேரில் தருகிறேன்' என்றால் கட்டாயம். இந்த டிக் விழும்வரை குழந்தையின் பெயர் வருகைப் பட்டியலில் 'கரையில் மட்டும்' என்றே காட்டும்
☐ கவுன்டர் குறிப்பு – விருப்பம் – பல வரிப் பெட்டி. பென்சிலால் ஓரத்தில் எழுதியதெல்லாம் இனி இங்கே