முதல் வெளிநாட்டு ஆர்டர்: பெட்டி கிளம்பும் முன் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

சரக்கு: கைத்தறிப் பருத்தி ஸ்டோல் 40, சாம்பிள் 2. இரண்டு பெட்டி. நிகர எடை 8.4 கிலோ, மொத்த எடை 9.8 கிலோ.

☐ ஏற்றுமதிப் பதிவு, வங்கிக் கணக்கு: இரண்டிலும் பெயர் எழுத்து மாறாமல் இருக்கிறதா?

☐ இன்வாய்ஸ். இதை நிதானமாகப் பார்க்கவும். வெறும் "துணி" போதாது. "கைத்தறியில் நெய்த 100% பருத்தி ஸ்டோல்" என்று எழுதவும். சுங்கத்தில் சரக்கு வகையைக் காட்டும் எச்.எஸ். குறியீடு 6214.90. விலை, நாணயம், டிஏபி என்ற டெலிவரி நிபந்தனை (இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு). சாம்பிளுக்கும் உண்மையான மதிப்பு போடவும், பூஜ்யம் வேண்டாம்.

☐ பேக்கிங் லிஸ்ட்: முதல் பெட்டியில் 20, இரண்டாவதில் 22. எண்ணிக்கை இன்வாய்ஸோடு ஒத்துப்போக வேண்டும்.

☐ எந்த நாட்டில் நெய்தது என்ற சான்றிதழ். வாங்குபவர் கேட்டிருக்கிறார்.

☐ சுங்க அறிவிப்பு, விமானச் சரக்குக்கான ஏர்வே பில், இன்சூரன்ஸ்.

☐ அப்புறம், எல்லாவற்றின் நகலும் வாங்குபவருக்கு மெயிலில். ஒரு செட் பெட்டியின் வெளி உறையில்.