கருணை விடுப்பு ஒப்புதல் கடிதம்

மனிதவளப் பிரிவு
பம்ப் ஆலை, கோயம்புத்தூர்
கடித எண்: மவ/விடுப்பு/58/2024
நாள்: 23 ஜூலை 2024, செவ்வாய்

பெறுநர்:
திருமதி கவிதா
மேற்பார்வையாளர், பம்ப் சோதனைப் பிரிவு

பொருள்: தந்தையின் விபத்து சிகிச்சைக்காகக் கருணை விடுப்பு, 22.07.2024 முதல்

அன்புள்ள கவிதா,

அப்பாவுக்கு நேற்று இரவு தலையில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது என்று உங்கள் கணவர் போனில் சொன்னார். இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறார் என்றும், உள்ளே ஒருவரைத்தான் விடுகிறார்கள் என்றும் சொன்னார். அவர் சீக்கிரம் கண் திறந்து உங்களோடு பேச வேண்டும் என்று இங்கே எல்லோரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் கேட்ட விடுப்புக்கு ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதைப் பொறுமையாகப் படிக்கலாம்.

திங்கள் காலை நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையே விண்ணப்பமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்ற விதி, இப்படிப்பட்ட அவசரத்துக்குப் பொருந்தாது. படிவத்தில் கையெழுத்துப் போடுவதைத் திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி நாள் கணக்கு. கருணை விடுப்பு என்று தொழிற்சாலைச் சட்டத்தில் தனியாக எதுவும் இல்லை. நம் ஆலை தன் விடுப்பு விதியில் வைத்திருப்பது இது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால், ஓர் ஆண்டில் 7 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் கிடைக்கும். உங்களுக்கு அது ஜூலை 22 திங்கள் முதல் 29 திங்கள் வரை வருகிறது. நடுவில் வரும் ஞாயிறு கணக்கில் சேராது.

இரண்டு வாரமாவது வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கருணை விடுப்பை 7 நாளுக்கு மேல் நீட்டிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆலை மேலாளரிடமும் பேசினேன். போன ஆண்டு இன்னொருவருக்கு மறுத்ததை இப்போது உங்களுக்குக் கொடுத்தால் அது நியாயமாக இருக்காது என்றார், எனக்கும் அது சரியென்றே பட்டது. அதனால் உங்கள் கணக்கில் இருக்கும் 11 நாள் ஈட்டிய விடுப்பிலிருந்து 5 நாளை, ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 3 வரை, ஒப்புதல் செய்திருக்கிறேன். ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு என்றாலும் நம் ஆலைக்கு வேலை நாள்தான், அதுவும் இந்த ஐந்தில் அடங்கும். மீதி 6 நாள் அப்படியே இருக்கட்டும், பின்னால் தேவைப்படலாம்.

நீங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் ஆகஸ்ட் 5 திங்கள், முதல் ஷிப்ட்.

இந்த 12 நாளுக்கும் சம்பளம் பிடிக்கப்படாது. வருகைப் படி மட்டும் கொஞ்சம் குறையும். கருணை விடுப்பு நாட்களுக்கு அதில் கை வைக்க மாட்டோம், ஆனால் ஈட்டிய விடுப்பு நாட்களுக்கு உண்டான பங்கு கழியும். சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிடக் கூடாது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 5 அன்று வர முடியாத நிலை என்றால், 3-ஆம் தேதிக்குள் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். குரல் செய்தியாக இருந்தாலும் போதும். மீதியுள்ள ஈட்டிய விடுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் தீர்ந்தால் சம்பளமில்லா விடுப்புக்கு வழி இருக்கிறது. தகவலே இல்லாமல் இருந்துவிட மட்டும் வேண்டாம். விடுப்பு முடிந்த 8 நாளுக்குள் வந்து காரணம் சொல்லாவிட்டால் பணியிடத்தின் மீதான உரிமை போய்விடும் என்று நிலையாணையில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது வரை போகாது என்று தெரியும். ஆனாலும் விடுப்புக் கடிதத்தில் இதைக் குறிப்பிடாமல் விட எனக்கு அனுமதி இல்லை.

சான்றாக மருத்துவமனை அனுமதிச் சீட்டு அல்லது டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டில் ஏதாவது ஒன்றின் நகல் போதும். வேலையில் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் கொடுங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியும் எஃப்.ஐ.ஆர். நகலும் எங்களுக்கு வேண்டாம், ஆனால் அவற்றை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மொபெட்டில் மோதிய வேனின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்க அவைதான் ஆதாரம். அந்த மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். இப்போதைய அலைச்சலில் அது மறந்துபோகும். வீட்டில் யாராவது ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

செலவு விஷயத்தையும் பார்த்தேன். நம் குழு மருத்துவக் காப்பீட்டில் உங்கள் கணவரும் மகளும்தான் இருக்கிறார்கள். பெற்றோரை ஏப்ரலில் மட்டுமே சேர்க்க முடியும். நடுவில் சேர்க்க வழி உண்டா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டிவிட்டதால் இ.எஸ்.ஐ.யும் இல்லை. நல்ல வேளையாக அப்பா இருப்பது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குப் பிறகான சிகிச்சைக்கு, அப்பாவிடம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதையும் ஆதார், ரேஷன் கார்டையும் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். ஊரிலிருந்து வருபவர்கள் யாராவது எடுத்து வரட்டும்.

கைச்செலவுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தை வட்டியில்லா முன்பணமாகத் தர விதி இருக்கிறது. 6 தவணையில் பிடித்துக்கொள்வோம். வேண்டும் என்று ஒரு செய்தி போட்டால் மறுநாளே கணக்கில் ஏறிவிடும். அது போதாவிட்டால் பெற்றோரின் சிகிச்சைக்குப் பி.எஃப். முன்பணம் எடுக்கலாம். படிவம் 31-ஐ ஆன்லைனிலேயே நிரப்பலாம், இத்தனை வருட சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குக் கிடையாது. உங்கள் யூ.ஏ.என். எண்ணில் ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருப்பதைச் சரிபார்த்துவிட்டேன். ஓ.டி.பி. உங்கள் போனுக்குத்தான் வரும். யார் கேட்டாலும், நானே கேட்டாலும், அதைச் சொல்லாதீர்கள்.

டெஸ்ட் பெட் பற்றிய கவலை வேண்டாம். முதல் ஷிப்டை ரவி பார்த்துக்கொள்கிறார். அழுத்தமானிகளின் அளவுத்திருத்தம் இந்த வாரம் வருகிறது என்று நீங்கள் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டார். விடுப்பு நாட்களில் வேலை விஷயமாக உங்களைப் போனில் கூப்பிடக் கூடாது என்று பிரிவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மீறி யாராவது கூப்பிட்டால் எடுக்காதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.

ரத்தம் கொடுக்க ஆள் தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள். நம் அசெம்ப்ளி பிரிவில் மதுரைக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் தம்பிமார், நண்பர்கள் அங்கேயே இருப்பதாகவும், சொன்னால் உடனே வருவார்கள் என்றும் அவர்களாகவே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம், வேளாவேளைக்கு நீங்களும் சாப்பிடுங்கள். அம்மாவுக்கு எங்கள் ஆறுதலைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுமதி
மேலாளர், மனிதவளப் பிரிவு

நகல்: டைம் ஆபீஸ், கணக்குப் பிரிவு, சோதனைப் பிரிவுத் தலைவர் (விடுப்பு நாட்களின் விவரம் மட்டும்)