காது கேட்கும் கருவி சோதனை: குடும்பத்தினருக்கான அறிக்கை

செவித்திறன் பரிசோதனைப் பிரிவு, திருச்சிராப்பள்ளி
நாள்: 27 பிப்ரவரி 2025
பதிவு எண்: 417
பெண், வயது 78, ஸ்ரீரங்கம்
சோதனைக் காலம்: 3 பிப்ரவரி முதல் 24 பிப்ரவரி 2025 வரை

அம்மாவின் மகன், மகள், மருமகள் மூவருக்கும்,

காது மூக்கு தொண்டை மருத்துவருக்கான அறிக்கையைத் தனியாக அனுப்பிவிட்டேன். இது உங்களுக்காக எழுதுவது. அம்மாவிடமும் வாசித்துக் காட்டுங்கள். அவரிடம் மறைக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கருவி பயன்படுகிறது. இரண்டு காதுக்கும் தேவை. சோதித்த இரண்டு வகைகளில், காதுக்குப் பின்னால் பொருத்தும் சற்றுப் பெரிய கருவியையே பரிந்துரைக்கிறேன். விலை கூடிய சிறிய கருவி அவருக்கு ஏற்றதல்ல.

காதின் நிலை

மருத்துவர் காதுக் குறும்பியை எடுத்த பிறகே பரிசோதனை செய்தோம். செவிப்பறையும் நடுக்காதும் நன்றாக இருக்கின்றன. குறை உட்காதில், வயதின் காரணமாக வந்தது. இரு காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. அதனால் மருந்தோ சொட்டு மருந்தோ இதற்குப் பயன்படாது. சூடான எண்ணெய் விடுவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

ஒலி கேட்கத் தொடங்கும் சராசரி அளவு வலது காதில் 56 டெசிபல், இடது காதில் 61 டெசிபல். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படி 50 முதல் 65 வரை என்பது மிதமானதைத் தாண்டிய குறைபாடு. ஆனால் இந்தச் சராசரியைவிட, ஆடியோகிராம் என்ற செவித்திறன் வரைபடத்தின் சரிவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வலது காதில் 500 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் போதும்; 4000 ஹெர்ட்ஸுக்கு 75 டெசிபல் வேண்டியிருக்கிறது. கனத்த ஒலிகள் ஓரளவு கேட்கின்றன, கூர்மையான ஒலிகள் கேட்பதில்லை. பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் கீழே இருக்கிறது. ச, த, ட, க போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் கூர்மை மேலே இருக்கிறது. பரிசோதனையில் அவர் "பசி" என்பதைப் "படி" என்றும், "தட்டு" என்பதைக் "கட்டு" என்றும் திருப்பிச் சொன்னார். யாரோ பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிகிறது, என்ன சொன்னார்கள் என்பதுதான் தெரிவதில்லை. "கூப்பிட்டால் திரும்புகிறார், சொன்னால் மட்டும் கேட்கவில்லை, வேண்டுமென்றே செய்கிறாரோ" என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் விடை. அவர் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. பேரக்குழந்தைகளின் மெல்லிய குரல் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கடினம் என்பதற்கும் காரணம் இதுவே.

இரண்டு கருவிகளும் வீட்டில் எப்படி இருந்தன

முதல் பத்து நாள் கொடுத்தது, ஒலிபெருக்கி காதுத் துளைக்குள் போகும் சிறிய வகை. வெளியே தெரியாது என்பதால் மகன் இதையே விரும்பினார். பரிசோதனை அறையில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கருவியில் பதிவான பயன்பாட்டு நேரம் நாளுக்குச் சராசரியாக இரண்டரை மணி. மருமகள் காலையில் மாட்டிவிடுவார். குளிக்கக் கழற்றிய பிறகு அம்மாவால் திரும்ப மாட்ட முடியவில்லை. விரல் மூட்டு வலியோடு அந்த அளவு சிறிய பேட்டரியை மாற்றுவதும் அவருக்கு இயலாது. வாரத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியது அது. துளைக்குள் இருக்கும் பகுதி குறும்பியால் ஒருமுறை அடைத்தும் போனது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. கருவி கேட்கவில்லை என்று பெட்டியில் வைத்துவிட்டார்.

அடுத்துக் கொடுத்தது காதுக்குப் பின்னால் வைக்கும் வகை, அவர் காதுக்கே அளவெடுத்துச் செய்த மென்மையான மோல்டோடு. சார்ஜ் செய்து பயன்படுத்துவது. மூன்றாம் நாளிலிருந்து அவரே மாட்டிக்கொண்டார். பயன்பாட்டு நேரம் ஒன்பது மணிக்கு மேல். என் பரிந்துரைக்கு முதன்மையான காரணம் இந்த எண்தான். காதில் இருக்கும் கருவிதான் உதவும். தலைமுடி மறைக்காத இடத்தில் தெரியுமே என்று மகன் தயங்குவது எனக்குப் புரிகிறது. அம்மாவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. "தெரிந்தால் நல்லதுதான், எதிரே இருப்பவர் சத்தமாகப் பேசுவார்" என்றார்.

தொடக்கத்தில் அவர் சொன்ன குறைகள் உண்மையானவை. எவர்சில்வர் தட்டு வைக்கும் ஓசை, குக்கர் விசில், மிக்சி எல்லாம் காதை அடித்தன. தன் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. உரத்த ஒலிகளுக்கான உச்சவரம்பைக் குறைத்தேன். மோல்டில் காற்றுத் துளையைச் சற்றுப் பெரிதாக்கினேன். குரல் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. பாத்திர ஓசை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகள் திரும்பும்போது மூளைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் முழு அளவுக்கு ஒலியைக் கூட்டாமல் படிப்படியாக ஏற்றுகிறேன். இப்போது இருப்பது இறுதி அளவு அல்ல.

எவ்வளவு முன்னேற்றம்

சாதாரணமாகப் பேசும் உரப்பில் 25 தமிழ்ச் சொற்களைச் சொல்லிக் கேட்டோம். கருவி இல்லாமல் 7 சரி. இரு காதிலும் கருவியோடு 19 சரி. பின்னணியில் பலர் பேசும் இரைச்சலை வைத்தபோது 11 ஆகக் குறைந்தது. அதே இரைச்சலில் சொல்பவர் முகத்தை அவர் பார்க்கும்படி உட்காரவைத்ததும் 17 ஆக ஏறியது.

இந்தக் கடைசி இரண்டு எண்களைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். 11 இலிருந்து 17. கருவியில் எந்த மாற்றமும் செய்யவில்லை. முகம் தெரிந்தது, அவ்வளவுதான்.

25க்கு 25 வராது. எவ்வளவு ஒலியைக் கூட்டினாலும் அவரது வலது காது அதிகபட்சம் 20 சொற்களைத்தான் பிரித்தறிகிறது, இடது காது 17. கருவி ஒலியைக் காதுவரை கொண்டுசேர்க்கும். அங்கிருந்து அதைத் தெளிவாக எடுத்துச் செல்ல வேண்டிய செல்களும் நரம்பும் தேய்ந்திருக்கின்றன. இன்னும் விலை கூடிய கருவி வாங்கினாலும் இந்த வரம்பு மாறாது.

ஒரு காதுக்கு மட்டும் வாங்கினால் போதாதா என்று மகள் கேட்டிருந்தார். இரண்டு காதும் கேட்டால்தான் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும்; தெருவைக் கடக்கும் அவருக்கு அது முக்கியம். இரைச்சலில் பேச்சைப் பிரிப்பதும் எளிதாகும். பரிந்துரைத்த கருவி இரண்டும் மோல்டுகளும் சேர்த்து 86,000 ரூபாய். சிறிய வகை இரண்டும் 1,40,000 ரூபாய். பணம் இப்போது கடினம் என்றால் வலது காதுக்கு முதலில் வாங்கி, இடதுக்குச் சில மாதங்களில் சேர்க்கலாம். கடன் வாங்கி விலை கூடியதை வாங்க வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

கத்தாதீர்கள். கத்தும்போது உயிரெழுத்துகள்தான் உரக்கின்றன, அவருக்குத் தேவையான கூர்மையான ஒலிகள் அதில் மூழ்கிவிடுகின்றன. கேட்பவருக்குக் கோபமாகவும் தெரிகிறது. சாதாரணக் குரலில், கொஞ்சம் நிதானமாக, முகம் பார்த்துப் பேசுங்கள். அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பதை விட்டுவிடுங்கள். அருகே சென்று, பெயரையோ உறவையோ சொல்லி அழைத்து, அவர் திரும்பிய பிறகு சொல்லுங்கள். ஒரு கையெட்டும் தொலைவுக்கும் பத்தடிக்கும் உள்ள வேறுபாடு எந்தக் கருவியாலும் முழுதாக ஈடுகட்ட முடியாதது. ஒரே சொல் இரண்டு முறை புரியவில்லையென்றால் மூன்றாம் முறை அதையே சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லிப் பாருங்கள். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பரிசோதனை அறையில் அம்மா கண் கலங்கியது அதைச் சொன்னபோதுதான்.

மாலையில் தொலைக்காட்சி ஓடும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள். அந்த நேரத்தில் அவர் கருவியைக் கழற்றிவிடுவதாக மருமகள் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. சாப்பிடும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். விளக்கு வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழும்படி அவரை உட்கார வையுங்கள். வெளியூரில் இருக்கும் மகன் வெறும் குரல் அழைப்புக்குப் பதில் வீடியோ அழைப்பில் பேசினால் நல்லது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. தலைக்கு எண்ணெய் தேய்க்கும் நாளில் குளித்து முடி உலர்ந்த பிறகே கருவியை மாட்ட வேண்டும். எண்ணெய் ஒலிவாங்கித் துளையை அடைத்துவிடும். காதின் மேல் மாட்டல் அணிந்தால் கருவி சரியாக உட்காராது, விசேஷ நாட்களில் அதைத் தவிர்க்கட்டும். இரவில் சார்ஜரில் வைக்கும் முன் மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள். மோல்டை வாரம் ஒருமுறை கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, குழாயில் ஈரம் இல்லாமல் ஊதி உலர்த்திய பிறகே கருவியோடு இணையுங்கள். கருவியை மட்டும் ஒருபோதும் நீரில் நனைக்கக் கூடாது. கட்டியணைக்கும்போதும் தலையணையில் சாயும்போதும் விசில் ஒலி வந்தால் அது இயல்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தால் மோல்டு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

மறதி பற்றி மகள் தனியாகக் கேட்டார். காதில் விழாத செய்தி நினைவில் இருக்க முடியாது. நீங்கள் மறதி என்று எண்ணியதில் ஒரு பகுதி கேட்காததுதான் என்பது என் கணிப்பு. ஆனால் எல்லாமே அப்படித்தான் என்று நான் உறுதி தரமாட்டேன். கருவியை முழு நேரமும் அணிந்து மூன்று மாதம் ஆன பிறகும் பெயர்கள், வழி, பண விவரங்களில் குழப்பம் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்பே குழப்பம் கூடினால் காத்திருக்க வேண்டாம்.

ஒரு காதில் திடீரென்று கேட்காமல் போனால், கருவி பழுது என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். கருவியைக் கழற்றிவிட்டுக் காதருகே விரலைத் தேய்த்துப் பாருங்கள். முன்பைவிட ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்திருந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கான சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. காதில் சீழ், வலி, புதிதாகத் தலைச்சுற்றல் வந்தாலும் அப்படியே.

அடுத்த சந்திப்பு மார்ச் 13, வியாழன், காலை 10.30 மணி. அன்று ஒலி அளவை இன்னொரு படி ஏற்றி, சொல் பரிசோதனையை மீண்டும் செய்வேன். அதுவரை சோதனைக் கருவி அம்மாவிடமே இருக்கட்டும், வாங்குவதா என்பதை அன்று முடிவு செய்யலாம். எந்த ஒலி தொந்தரவு தந்தது, யார் பேச்சு புரியவில்லை என்பதை நாட்காட்டியிலேயே ஒரு வரி குறித்துவையுங்கள். மருமகளோடு மகனும் வர முடிந்தால் வரட்டும். மாட்டுவது, கழற்றுவது, துடைப்பது மூன்றையும் இருவருக்கும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

செவித்திறன் நிபுணர்