இடது பக்கத்துக்கான பலப்பயிற்சி: முதல் 12 வாரம்

அண்ணா, உங்கள் பிசியோதெரபிஸ்ட்டுடன் உட்கார்ந்து பேசி எழுதிய திட்டம் இது. நடையின் ஒழுங்கு, கைவிரல் வேலை, தோள்பட்டை எல்லாம் அவர் பொறுப்பு. காலுக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றுவது என் பொறுப்பு. இரண்டும் மோதுகிற இடத்தில் அவர் சொல்வதே முடிவு. அண்ணியும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடட்டும், பக்கத்தில் நிற்கப்போவது அவர்தான்.

இப்போதைய நிலை: பக்கவாதம் வந்து 7 மாதம். கைத்தடியோடு வீட்டுக்குள் தனியாக நடக்கிறீர்கள். இடது முழங்கால் சில நேரம் பின்பக்கமாக ‘டக்’கென்று பூட்டிக்கொள்கிறது. பாதத்தின் முன்பகுதி தரையில் உரசுகிறது. தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. விரல்கள் மூடும், திறக்க நேரமாகும். போன வாரம் இரண்டு எடை மெஷின்களை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு காலை ஊன்றி நிற்கச் சொன்னோமே, மொத்தம் 72 கிலோவில் இடது காலில் வந்தது 26 கிலோ மட்டும். நேராகத்தான் நிற்கிறோம் என்று நீங்கள் சொன்னீர்கள். பார்வைக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்தத் திட்டம் முழுக்க அந்த 26-ஐப் பற்றியதுதான். வலது கால் கெட்டிக்காரக் கால், கேட்காமலேயே இடது காலின் வேலையையும் வாங்கிக்கொள்ளும். அப்படிச் செய்யும் 20 தடவையைவிட, இடது கால் உண்மையாக உழைத்த 5 தடவை மேல். எண்ணிக்கை முடியாவிட்டாலும், வலது பக்கம் சாய ஆரம்பித்ததும் அந்த செட்டை நிறுத்திவிடுங்கள்.

நாட்கள்: திங்கள், புதன், சனி. செவ்வாயும் வெள்ளியும் பிசியோ. காலை மாத்திரையும் சாப்பாடும் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் அசதி சாதாரண அசதி இல்லை, மாலையில் அது உங்களை வீழ்த்திவிடும்.

தொடங்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பிபி பாருங்கள். 160/100-ஐத் தாண்டினால் அன்று பயிற்சி கிடையாது. உங்கள் டாக்டர் உங்களுக்காக வைத்த வரம்பு இது, மற்றவர்களுக்கு வேறாக இருக்கலாம். நீங்கள் சாப்பிடும் பிபி மாத்திரை இதயத்துடிப்பை அடக்கி வைப்பதால் துடிப்பை எண்ணி சிரமத்தை அளக்க முடியாது. 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள், 4-லிருந்து 6 வரை போதும். மூச்சைப் பிடித்தால் பிபி சட்டென்று ஏறும், அதனால் ஒவ்வொரு தடவையையும் வாய்விட்டு எண்ணுங்கள். பேசும்போது மூச்சைப் பிடிக்க முடியாது.

கால் வேலை

1. நாற்காலியிலிருந்து எழுவது. 8 தடவை, 3 செட், நடுவில் 2 நிமிட ஓய்வு. 50 செ.மீ. உயரமுள்ள, கை வைத்த, நகராத நாற்காலி, பின்னால் சுவர். இடது பாதத்தை வலதைவிட நாலு விரல் பின்னுக்கு இழுத்து வையுங்கள், எழும்போது பாரம் தானாக அதில் இறங்கும். இரண்டு கையையும் கோத்து முன்னால் நீட்டி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி இறங்குங்கள், ‘பொத்’தென்று விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. இந்த 12 வாரத்தில் வேறெதற்கும் நேரமில்லாத நாளில்கூட இதை விடாதீர்கள்.

2. படுத்து இடுப்பைத் தூக்குவது. 8 தடவை, 3 செட். மேலே 3 விநாடி நிறுத்துங்கள். எளிதானதும் வலது குதிகாலை முன்னால் தள்ளி வைத்தால் இடது பக்கத்துக்கு வேலை கூடும்.

3. 10 செ.மீ. படி. சமையல் மேடையைப் பிடித்து நின்று, இடது காலை மேலே வைத்து ஏறுங்கள். 6 தடவை, 2 செட். அன்றாடம் மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில் என்று பிசியோ சொல்லித்தந்த பழக்கம் அப்படியே இருக்கட்டும். இடதை முன்வைத்து ஏறுவது இந்தப் பயிற்சியில் மட்டும். முழங்கால் பின்னுக்குப் பூட்டிக்கொண்டால் படியின் உயரத்தைக் குறையுங்கள், மடங்கிய காலைக் கட்டுப்பாட்டோடு நீட்டுவதுதான் இங்கே பாடம்.

4. பாதத்தைத் தூக்குவது. உட்கார்ந்து, குதிகால் தரையில் இருக்க முன்பாதத்தை மட்டும் மேலே. 10 தடவை, 3 செட். பாதம் உள்பக்கம் திரும்பினால் சுண்டுவிரலைத் தூக்குவதாக நினைத்துச் செய்யுங்கள். முதலில் அசைவு தெரியாமல் போகலாம். முழங்காலுக்குக் கீழே முன்தசையில் அண்ணி விரலை வைத்துப் பார்த்தால் சுருங்குவது தெரியும், அதுவும் கணக்குதான்.

5. முழங்காலை நீட்டுவது. கணுக்காலில் 1 கிலோ எடைப்பட்டை, 10 தடவை, 2 செட்.

கை வேலை

மேஜையில் துண்டை விரித்து, இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்து முன்னால் தள்ளி முழங்கையை நீட்டுங்கள், 10 தடவை, 2 செட். பிறகு முன்கையை மேஜையில் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, கையை மேல்நோக்கித் தூக்குங்கள், 8 தடவை. வருகிறவர்கள் எல்லாம் பந்தைப் பிசையச் சொல்வார்கள். மூடும் தசைகளில் உங்களுக்கு ஏற்கனவே இறுக்கம் இருக்கிறது, வேண்டியது விரலைத் திறக்கும் பலம். பந்தை இப்போதைக்கு ஓரம் வையுங்கள்.

கையைத் தோளுக்கு மேல் தூக்குவதோ, கயிற்றுக் கப்பியில் இழுப்பதோ பிசியோ சொல்லும்வரை வேண்டாம். யாரும் இடது கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளுக்குள் கைகொடுத்தோ எழுப்பக் கூடாது. அண்ணி, நீங்கள் இடது பக்கம் சற்றுப் பின்னால் நின்று இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடியுங்கள்.

பலப்பயிற்சி செய்தால் இறுக்கம் கூடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தியதாகச் சொன்னீர்கள். முன்பு மருத்துவத்திலும் அப்படி ஒரு எண்ணம் இருந்தது. அளவோடு செய்யும் பயிற்சி அப்படிச் செய்வதில்லை என்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. பயிற்சி முடிந்ததும் கொஞ்ச நேரம் கை மடங்கி இருக்கலாம். அடுத்த நாளும் அப்படியே இருந்தால் எனக்கும் பிசியோவுக்கும் சொல்லுங்கள், எடையைக் குறைப்போம்.

எப்போது கூட்டுவது

முதல் 2 வாரம் எதையும் கூட்டாதீர்கள். அதன்பிறகு, எல்லா செட்டும் சாயாமல் முடிந்து, மதிப்பெண் 4-க்குக் கீழே இருப்பது அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் நடந்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நாற்காலி 45 செ.மீ., அல்லது எடைப்பட்டை அரைக் கிலோ கூடுதல், அல்லது படி 15 செ.மீ. மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்ற ஆசை வரும், வேண்டாம். இடையில் காய்ச்சல், தூக்கமின்மை என்று ஒரு வாரம் போனால், விட்ட இடத்திலிருந்து பாதி அளவில் தொடங்குங்கள்.

நிறுத்த வேண்டியவை

நெஞ்சுவலி, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல் வந்தால் உடனே உட்காருங்கள், இரண்டு நிமிடத்தில் தணியாவிட்டால் ஆம்புலன்ஸ். முகம் கோணுவது, கைகால் திடீரென மேலும் தளர்வது, பேச்சு குழறுவது, இதுவரை இல்லாத தலைவலி, பார்வை மங்கல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸ். சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அதனால் தலை அடிபட விழுந்தால் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தில் தேதி, பிபி, செட், சிரமத்துக்கான மதிப்பெண், வலது பக்கம் சாய்ந்தது எத்தனையாவது தடவையில் என்று அண்ணி எழுதட்டும். 6-வது வார செவ்வாயன்று அந்த நோட்டையும், பயிற்சியில் போடும் அதே மூடிய ஷூவையும் பிசியோவிடம் கொண்டுபோங்கள், நானும் வருகிறேன். மறுபடியும் இரண்டு மெஷின்களில் நிற்க வைப்போம். இடது கால் 31 கிலோவைத் தொட்டால், மேடையை ஒரு விரலால் மட்டும் தொட்டு நிற்கும் பயிற்சிகளைச் சேர்ப்போம். தொடாவிட்டால் நாற்காலிப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குறைப்போம்.