அக்டோபர் 2025 மந்த் எண்ட் க்ளோசிங்: என்ட்ரி போட கடைசி தேதிகள்

அனுப்புறது: ஹெட் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ்
பெறுறது: எல்லா பிராஞ்ச் மேனேஜர்களும்
தேதி: 22 அக்டோபர் 2025, புதன்

சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மாசம் 31ம் தேதி வெள்ளிக்கிழமை வருது, அடுத்த ரெண்டு நாளும் லீவு, அதனால "சனிக்கிழமை உக்காந்து முடிச்சிடலாம்"னு யாரும் கணக்கு போட வேண்டாம். வெள்ளி ராத்திரி 8 மணிக்கு பிராஞ்ச் லாகின்ல அக்டோபர் லாக் ஆயிடும். அதுக்கப்புறம் அக்டோபர் தேதி போட்டா சிஸ்டம் எடுக்காது. நவம்பர் 5 புதன் சாயங்காலம் எங்களுக்கும் லாக், 7ம் தேதி மேனேஜ்மெண்டுக்கு ரிப்போர்ட் போகணும். இதை வச்சுதான் கீழ உள்ள தேதியெல்லாம் வந்திருக்கு.

முதல்ல தேதிகள்

27 திங்கள் சாயங்காலம் 5 மணி: அட்டெண்டன்ஸ், ஓவர்டைம், லீவு விவரம். இது சம்பளத்துக்கு போறது, இதுல எக்ஸ்டென்ஷனே கிடையாது.

29 புதன் 6 மணி: கைல இருக்கிற சப்ளையர் பில், சர்வீஸ் பில் எல்லாம் என்ட்ரி ஆகியிருக்கணும். 30, 31ல வர்ற பில்லை என்ன பண்றதுன்னு கீழ சொல்லியிருக்கோம்.

30 வியாழன் மதியம் 12: பிராஞ்ச் டு பிராஞ்ச் சரக்கு அனுப்ப கடைசி நேரம். அன்னிக்கே 1 மணிக்கு ஸ்டாஃப் செலவு க்ளெய்ம், பெட்டி கேஷ் வவுச்சர்.

31 வெள்ளி: டிரான்ஸ்ஃபர் சரக்கு வாங்குற பிராஞ்ச் 5 மணிக்குள்ள ரிசீவ் போடணும். ஜி.ஆர்.என் 6 மணி வரைக்கும். சேல்ஸ் இன்வாய்ஸ், ரசீது, பேமெண்ட் 7.30 வரைக்கும். மிச்ச அரை மணி நேரம் அப்ரூவல் க்ளியர் பண்றதுக்கு மட்டும்தான், புது என்ட்ரி போடுறதுக்கு இல்ல.

நவம்பர் 3 திங்கள்: பேங்க் ரிகன்சிலியேஷன் மதியம் 1 மணி, ப்ரொவிஷன் லிஸ்ட் 4 மணி. ரெண்டும் மெயில்ல.

எந்த மாசத்துக்கு போகணும்?

ஒவ்வொரு மாசமும் அதிகமா போன் வர்றது இதுக்குத்தான். சரக்கோ வேலையோ நமக்கு எப்ப வந்து சேர்ந்துச்சோ அந்த மாசம்தான் செலவு. பில்லுல என்ன தேதி போட்டிருக்கான், பணம் எப்ப குடுத்தோம்ங்கிறது ரெண்டாவது விஷயம். ஏசி சர்வீஸ் அக்டோபர் 28 பண்ணிட்டு பில்லை நவம்பர் 6 தேதி போட்டு அனுப்பினா அது அக்டோபர் செலவு. மூணு மாச வாடகை மொத்தமா இப்பவே குடுத்திருந்தீங்கன்னா அக்டோபருக்கு ஒரு மாசம் மட்டும்தான், மிச்சத்தை நாங்க பிரிச்சு போட்டுக்கறோம், ஆனா எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும்னு நேரேஷன்ல எழுதினாதான் எங்களுக்கு தெரியும். நேரேஷன்ல "செலவு"ன்னு மட்டும் போட்டு வர்ற வவுச்சரை இந்த தடவை திருப்பி அனுப்பப்போறோம். செலவு இல்லாம வேற என்னவா இருக்கப்போகுது?

சேல்ஸ்லயும் அப்படித்தான். இன்வாய்ஸ் அடிச்சாச்சு, ஆனா சரக்கு இன்னும் நம்ம குடவுன்லயே நிக்குதுன்னா அது அக்டோபர் சேல் இல்ல. டார்கெட்டுக்கு 31ம் தேதி ராத்திரி இன்வாய்ஸ் அடிச்சுட்டு 3ம் தேதி லோடு ஏத்துறது வேண்டவே வேண்டாம். இன்வாய்ஸ் தேதியையும் கேட் பாஸ் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும், ஆடிட்டரும் முதல்ல பாக்குறது அதைத்தான். கஸ்டமர் இடத்துலயே இறக்கிக் குடுக்கணும்னு பேசியிருந்தா கேட் பாஸும் பத்தாது, அவங்க சைன் பண்ண டெலிவரி சலான் தேதிதான் கணக்கு. ரிட்டர்ன் சரக்கு 31க்குள்ள உள்ள வந்துட்டா க்ரெடிட் நோட்டும் 31க்குள்ள. கஸ்டமர் திருப்பி அனுப்புறேன்னு சொல்லி இன்னும் வந்து சேரலைன்னா போடாதீங்க, எங்களுக்கு ஒரு வரி மெயில் மட்டும் போடுங்க.

30, 31ல வர்ற பில்லும் வராத பில்லும்

சரக்கு வந்து ஜி.ஆர்.என் போட்டாச்சு, பில் மட்டும் வரலைன்னா நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், ஜி.ஆர்.என் போட்ட உடனே சிஸ்டமே சப்ளையருக்கு குடுக்க வேண்டியதை ஒரு அக்கவுண்ட்ல எடுத்து வச்சிடும். அதையே திரும்ப ப்ரொவிஷன் லிஸ்ட்லயும் எழுதி அனுப்பினா ஒரே சரக்கு ரெண்டு தடவை கணக்குல ஏறிடும். போன மாசம் ஒரு பிராஞ்ச்ல இப்படித்தான் பேக்கிங் மெட்டீரியல் டபுளா நின்னுச்சு, மார்ஜின் ஏன் இவ்ளோ இறங்கியிருக்குன்னு ரெண்டு பக்கமும் ஒரு முழு நாள் தேடினோம்.

ஜி.ஆர்.என் இல்லாத செலவுதான் ப்ரொவிஷன் லிஸ்ட்ல வரணும். கரண்ட், போன், செக்யூரிட்டி, லாரி வாடகை, ரிப்பேர் வேலை, இந்த மாதிரி. தொகை தெரியலைன்னா பரவால்ல, 31ம் தேதி மீட்டர் ரீடிங்கை ஒரு போட்டோ எடுத்து போன பில்லோட ரேட்டை வச்சு ஒரு நம்பர் போடுங்க. கரெக்டா தெரியலைன்னு விட்டுடறதை விட கொஞ்சம் முன்ன பின்ன இருக்கிற நம்பர் எவ்வளவோ மேல். உதாரணத்துக்கு கரண்டுக்கு 12,000 ப்ரொவிஷன் போட்டோம்னா அது நவம்பர் 1ம் தேதி தானாவே ரிவர்ஸ் ஆகும், அப்புறம் நிஜ பில் 12,650 வந்து நீங்க முழுசா என்ட்ரி போட்டா நவம்பர்ல நிக்கிறது 650 மட்டும்தான். அதனால பில் வந்ததும் "ஏற்கனவே ப்ரொவிஷன் போட்டாச்சே"ன்னு 650க்கு மட்டும் போடாதீங்க, முழு பில்லையும் போடுங்க, கழிக்கிற வேலையை ரிவர்சல் பாத்துக்கும்.

பிராஞ்ச் டு பிராஞ்ச்

அனுப்புற பிராஞ்ச் 40 பாக்ஸ்னு 30ம் தேதி அவுட் போடுது, வாங்குற பிராஞ்ச் 38தான் வந்திருக்குன்னு ரிசீவ் போடாமயே வச்சுக்குது, மாசக் கடைசில அந்த 40 பாக்ஸும் ரெண்டு ஸ்டாக்லயும் இல்ல. வழக்கமா நடக்குற கதை இது. வந்தது 38ன்னா 38க்கு ரிசீவ் போடுங்க, ரெண்டு பாக்ஸ் டிரான்சிட்ல நிக்கட்டும், அது எங்க போச்சுன்னு அடுத்த வாரம் ரெண்டு மேனேஜரும் பேசி முடிச்சுக்கலாம். ரிசீவ் போடாம நிறுத்தி வைக்கிறது சண்டைக்கு தீர்வு இல்ல. 31ம் தேதி 5 மணிக்கு வண்டி இன்னும் ரோட்லயே இருந்தா வாங்குற பிராஞ்ச் எதுவும் போட வேண்டாம், வண்டி நம்பரையும் டிரான்ஸ்ஃபர் நம்பரையும் அனுப்புனா போதும். வராத சரக்கை வந்ததா போடுறது மட்டும் கூடவே கூடாது.

31 சாயங்காலம் ஸ்டாக், கேஷ்

கவுண்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லோடிங், அன்லோடிங் ரெண்டையும் நிறுத்திடுங்க. கடைசியா போட்ட ஜி.ஆர்.என் நம்பர், கடைசி டெலிவரி சலான் நம்பர், கடைசி டிரான்ஸ்ஃபர் நம்பர், இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி, ஸ்டோர் ஆளும் நீங்களும் சைன் பண்ணி போட்டோ அனுப்புங்க. ஸ்டாக்ல வித்தியாசம் வந்தா அந்த நம்பருக்கு முன்னாடி நடந்ததா பின்னாடி நடந்ததான்னு பாத்தாலே பாதி குழப்பம் தீந்துடும். சின்ன வேலைதான், ஆனா இது இல்லாம வர்ற கவுண்ட் ஷீட்டை எங்களால எதோடயும் ஒத்துப் பாக்க முடியறதில்ல.

கேஷை ரெண்டு பேர் சேர்ந்து எண்ணுங்க, எந்த நோட்டு எத்தனைன்னு எழுதுங்க. டிராயர்ல இருக்கிற "இவருக்கு அட்வான்ஸ் குடுத்தது" துண்டுச் சீட்டெல்லாம் கேஷ்ல சேராது. அது யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்ல அட்வான்ஸா போட்டுடுங்க, இல்லன்னா 30ம் தேதிக்குள்ள பில் வாங்கி செலவுல போடுங்க.

பேங்க்

ஸ்டேட்மெண்ட்ல இருக்கிற பேங்க் சார்ஜ் எல்லாத்தையும் 31 தேதிக்கே போட்டுடுங்க, கடைசி நாள் சார்ஜ் திங்கட்கிழமை ஸ்டேட்மெண்ட்லதான் தெரிஞ்சா ரிகன்சிலியேஷனோட அனுப்புங்க, நாங்க போடறோம். நம்ம குடுத்த செக் இன்னும் பாஸ் ஆகலைன்னா அதை ரிவர்ஸ் பண்ணாதீங்க, ரிகன்சிலியேஷன்ல ஒரு வரியா வரட்டும். யார் போட்டாங்கன்னு தெரியாம வந்த பணத்தை ஏதோ ஒரு கஸ்டமர் பேர்ல தள்ளாம சஸ்பென்ஸ்ல போட்டு பேங்க் ரெஃபரன்ஸ் நம்பரை எழுதுங்க. தப்பான கஸ்டமர் பேர்ல போனா அவர்கிட்ட கேட்க வேண்டிய பணத்தை கேட்காம விட்டுடுவோம், நிஜமா பணம் கட்டினவருக்கு போன் மேல போன் போட்டுட்டிருப்போம். சஸ்பென்ஸ்ல ஒரு மாசத்துக்கு மேல நிக்கிற ஒவ்வொரு வரிக்கும் 3ம் தேதி விளக்கம் வேணும்.

மேனேஜர்கள் நேரடியா பாக்க வேண்டியது

டிராஃப்ட்ல சேவ் பண்ணது போஸ்ட் ஆனதா ஆகாது. அப்ரூவலுக்கு காத்திருக்கிறதும் ஆகாது. கிளார்க் 29ம் தேதியே ஒழுங்கா போட்டு முடிச்சுட்டு, அது உங்க ஸ்க்ரீன்ல 31 ராத்திரி வரைக்கும் தூங்கிட்டிருந்தா கணக்குல அது லேட் என்ட்ரிதான், திட்டு மட்டும் கிளார்க்குக்கு விழுது. 27ல இருந்து தினமும் காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பெண்டிங் லிஸ்ட்டை திறந்து பாருங்க. லீவுல போறீங்கன்னா யாருக்கு அப்ரூவல் பவர்னு எங்களுக்கு மெயில் போடுங்க, சிஸ்டம்ல மாத்தித் தர்றோம். பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டு போறது வேண்டாம், நாளைக்கு கேள்வி வந்தா அந்த அப்ரூவல் உங்க பேர்லதான் இருக்கும்.

லேட் ஆயிட்டா

லாக்குக்கு அப்புறம் ஏதாவது விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா உடனே சொல்லுங்க. 4ம் தேதி செவ்வாய் மதியம் வரைக்கும் சொன்னா எங்க பக்கத்துல இருந்து ஜர்னல் போட்டுக்கலாம், அதுல யாரும் கோவிச்சுக்கப் போறதில்ல. 5,000க்குள்ள இருக்கிற செலவுன்னா பேசாம நவம்பர்லயே போட்டுடுங்க, அதுக்காக பீரியடை திறக்க மாட்டோம். பெருசா இருந்து, 5ம் தேதிக்கு மேல திறக்கணும்னா ஃபைனான்ஸ் ஹெட் கையெழுத்து வேணும், காரணம் எழுத்துல வேணும். சொல்லாம வச்சிருந்து அடுத்த மாசம் பழைய தேதில போட முயற்சி பண்றது, இல்ல வேற செலவு தலைப்புல ஒளிச்சு போடறது, இதுதான் எங்களுக்கு பிரச்சனை. லேட்டா சொன்னா கூட சரி பண்ணிக்கலாம்.

சந்தேகம்னா அக்கவுண்ட்ஸ் டெஸ்க்குக்கு காலைல 10ல இருந்து கூப்பிடுங்க. 30, 31 ரெண்டு நாளும் ராத்திரி 9 வரைக்கும் ஆள் இருப்பாங்க, சிஸ்டம் மெதுவா ஓடுறது, லாகின் ஆகாதது எல்லாத்தையும் 7 மணிக்கு முன்னாடியே சொல்லிடுங்க. உங்க பிராஞ்ச்ல க்ளோசிங் பாக்குறது யாரு, அவர் இல்லன்னா வேற யாருன்னு ரெண்டு பேரோட பேரும் போன் நம்பரும் 24 வெள்ளி மதியத்துக்குள்ள இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்க.